மூன்றாம் இடத்துக்குப் போன முதல் பெயர்

“என் முனைவர் பட்ட வேலையை வைத்துக் கட்டுரையின் முதல் வரைவை நானே எழுதினேன். ஆய்விதழுக்கு அனுப்பும்போது என் பெயர்தான் முதலில் இருந்தது. நான் வேறு வேலைக்குப் போன பிறகு, மதிப்பீட்டாளர்கள் கேட்ட கூடுதல் சோதனைகளை ஒரு புதிய மாணவர் செய்தார். இப்போது திருத்திய வடிவத்தில் அவர் முதலில், நான் மூன்றாவது. கட்டுரையைப் படித்தே இராத துறைத் தலைவர் பெயர் புதிதாக வந்திருக்கிறது. புள்ளியியல் பகுப்பாய்வு முழுவதையும் செய்து தந்தவர் பெயர் எங்குமே இல்லை. பெயர் மாற்றத்துக்குச் சம்மதப் படிவம் அனுப்பி நெறியாளர் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா? போடாவிட்டால் ஆய்விதழ் எனக்கு நியாயம் செய்யுமா?”

போடாதீர்கள், இப்போதைக்கு. ஆய்விதழ் உங்களுக்கு நியாயம் செய்யாது. அது அதன் வேலையும் இல்லை. ஆனால் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிற எல்லோரும், புதிதாகச் சேர்கிறவரும் சம்மதிக்காமல் பெயர்களை மாற்ற, ஒழுங்காக நடக்கும் எந்த ஆய்விதழும் விடாது. உங்கள் கையில் இருக்கும் பிடி அது ஒன்றுதான். கட்டுரை அச்சேறிவிட்டால் அதுவும் போய்விடும்.

சில ஆண்டுகள் ஓர் ஆய்விதழில் துணை இதழாசிரியராக இருந்திருக்கிறேன். பிறகு இத்தகைய புகார்களை விசாரிக்கும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் கண்டது ஒன்று: வருகிறவர்கள் எல்லோரும் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டே வருவார்கள். யார் பெயர் இருக்க வேண்டும் என்பது ஒன்று. எந்த வரிசையில் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எழுதப்பட்ட விதி உண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் அந்தந்தத் துறையின் வழக்கமும் ஆட்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தமும்தான். நீங்கள் இரண்டையும் ஒரே கடிதத்தில், ஒரே கோபத்தில் எழுதினால், வலுவான புகார் பலவீனமானதோடு சேர்ந்து அடிபடும்.

முதலில் யார் இருக்கலாம் என்பதைப் பார்ப்போம். மருத்துவ ஆய்விதழாசிரியர்களின் சர்வதேசக் குழு 1985இல் முதன்முதலாக இதற்கு வரையறை எழுதியது. 2013 முதல் அதில் நான்கு நிபந்தனைகள். ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவைத் திரட்டுவதிலோ பகுத்து விளக்குவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும் அல்லது அறிவார்ந்த முறையில் திருத்தியிருக்க வேண்டும். வெளியிடப்படும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். நாளை கேள்வி எழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஒருவர் கட்டுரையாசிரியர். நிதி வாங்கித் தந்தது, பொதுவாக மேற்பார்வை பார்த்தது, அலுவலக உதவி செய்தது ஆகியவை தனியாகப் போதாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அவற்றுக்கு இடம் நன்றியுரை. மருத்துவத்துக்கென்று எழுதிய விதி இது என்றாலும், வேறு பல துறைகளின் இதழ்களும் இதையோ இதன் சாயலையோ பின்பற்றுகின்றன. உங்கள் இதழின் பக்கத்தில் ‘கட்டுரையாசிரியர்களுக்கான வழிகாட்டல்’ என்ற பகுதியைத் திறந்து, எந்த விதி என்று முதலில் பாருங்கள். அதன் சொற்களையே உங்கள் கடிதத்திலும் எடுத்தாளுங்கள்.

உங்கள் துறைத் தலைவரை இதில் வைத்துப் பாருங்கள். முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடுகிறார். சிலர் இங்கே ஒரு சாமர்த்தியம் செய்வார்கள். “இப்போது வரைவை அனுப்பி நாலு திருத்தம் சொல்லச் சொல்வோம், எழுத்தில் பங்கு வந்துவிடும்” என்பார்கள். அது செல்லாது. ஆய்வில் பங்கு இல்லாதவர் எவ்வளவு காற்புள்ளி திருத்தினாலும் கட்டுரையாசிரியர் ஆகமாட்டார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை இன்னும் வெளிப்படை: துறைத் தலைவர் போன்ற பதவியில் இருப்பது மட்டுமே பெயர் போடக் காரணமாகாது என்று பதவியைச் சுட்டியே சொல்கிறது.

இப்படி மரியாதைக்காகவோ பயத்துக்காகவோ சேர்க்கப்படுகிறவரைத்தான் அன்பளிப்பு ஆசிரியர் என்கிறோம். “யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 1994இல் பிரிட்டனில் நடந்ததை. மால்கம் பியர்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், கருப்பைக்கு வெளியே தங்கிய கருவை எடுத்துக் கருப்பைக்குள் பொருத்திக் குழந்தை பிறந்ததாக ஒரு கட்டுரை வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்த செய்தி. கட்டுரையில் இன்னொரு பெயர் ஜெஃப்ரி சேம்பர்லெயின். அவர் அந்தத் துறையின் தலைவர். கட்டுரை வந்த இதழின் ஆசிரியரும் அவரே. மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரிக்குத் தலைவரும் அவரே. விசாரித்தபோது அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று தெரிந்தது. பியர்ஸின் பெயர் 1995இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. சேம்பர்லெயின் பொய் எதையும் புனையவில்லை. மரியாதைக்காகத் தன் பெயரைப் போட்டதை ஏற்றுக்கொண்டது மட்டும்தான் அவர் செய்தது. அதற்கே இதழாசிரியர் பதவியையும் கல்லூரித் தலைவர் பதவியையும் விட வேண்டியதாயிற்று. உங்கள் நெறியாளரிடம் பேசும்போது இதைச் சொல்லலாம், மிரட்டலாக அல்ல. கேள்வி எழுந்தால் துறைத் தலைவர் எந்தப் படத்தைத் தாங்கிப் பேசுவார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு மௌனம்தான் பதிலாக வரும்.

புள்ளியியலாளர் விஷயம் இதன் மறுபக்கம். எந்த மாதிரியைப் பயன்படுத்துவது என்று முடிவெடுத்து, நிரல் எழுதி, முடிவுக்கு என்ன பொருள் என்றும் அவரே சொல்லியிருந்தால் முதல் நிபந்தனை முழுதாக நிறைவேறிவிட்டது. வரைவை அவருக்குக் காட்டவே இல்லை, அதனால் இரண்டாவதும் மூன்றாவதும் இல்லை என்று நெறியாளர் வாதிடக்கூடும். அந்த ஓட்டையை விதி எழுதியவர்களே அடைத்திருக்கிறார்கள். முதல் நிபந்தனையை நிறைவேற்றியவர்கள் எல்லோருக்கும் எழுதவும் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வாய்ப்பைக் கொடுக்காமல் இருந்துவிட்டு, தகுதி இல்லை என்று விலக்கக் கூடாது. உழைத்தும் பெயர் இல்லாதவர் நிழல் ஆசிரியர். மருந்து நிறுவனங்கள் விஷயத்தில் இந்தச் சொல் அடிக்கடி அடிபடும். பராக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைப் பதின்வயதினருக்குக் கொடுத்துப் பார்த்த ‘ஆய்வு 329’ கட்டுரை 2001இல் 22 பேர் பெயரில் வெளியானது. முதல் வரைவை எழுதியவர் நிறுவனம் அமர்த்திய எழுத்தாளர்; அவருக்கு நன்றியுரையில் ‘பதிப்பு உதவி’ என்று ஒரு வரி. மருந்து நல்ல பலன் தருவதாகக் கட்டுரை சொன்னது. மூலத் தரவை எடுத்து வேறொரு குழு மறுபடி பகுத்து 2015இல் வெளியிட்டபோது, பலனும் இல்லை, கேடுகளும் குறைத்துக் காட்டப்பட்டிருந்தன என்று தெரிந்தது. உங்கள் கட்டுரையில் அவ்வளவு பெரிய சதி ஒன்றும் இருக்காது. ஆனால் வாசகருக்கு நேரும் இழப்பு ஒரே மாதிரிதான்: எண்களைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு உரிய ஆள் பட்டியலில் இல்லை.

இனி வரிசை. இங்கேதான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும், ஏனெனில் தரை அவ்வளவு உறுதி இல்லை.

கணிதத்திலும் பொருளாதாரத்திலும் பெயர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம். துகள் இயற்பியலிலும் அப்படியே. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015இல் வந்த ஒரு கட்டுரையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அங்கே முதலில் வருவதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஆய்வுக்கூடம் சார்ந்த துறைகளில் மட்டும் முதல் பெயர் வேலையைச் செய்தவருக்கு, கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத் தலைவருக்கு என்பது எழுதாத சட்டம். நடுவில் இருப்பவர்களை யாரும் எண்ணுவதில்லை. மேற்கோள் காட்டும்போது முதல் பெயரை எழுதி ‘மற்றும் பிறர்’ என்று போட்டுவிடுவார்கள். மூன்றாமவருக்கு அந்த ‘பிறர்’ என்ற சொல்தான் வீடு.

அகரவரிசையும் எப்போதும் காப்பாற்றாது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பேரண்டத்தின் தொடக்கத்தில் தனிமங்கள் எப்படி உருவாயின என்று ரால்ஃப் ஆல்ஃபர் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த வேலையை 1948இல் கட்டுரையாக்கினார்கள். அவருடைய நெறியாளர் ஜார்ஜ் காமோவ். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்க வேண்டும் என்ற விளையாட்டுக்காக, வேலையில் பங்கில்லாத ஹான்ஸ் பெத்தேயின் பெயரை நடுவில் செருகினார் காமோவ். ஆல்ஃபர் பெயர் முதலில்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு பெரிய பெயர்களுக்கு அருகில் மாணவர் பெயர் மங்கிப்போனது. அந்தக் கசப்பு அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. நகைச்சுவைக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். “முதல் வரைவை நான் எழுதினேன்” என்பது மட்டும் முதல் இடத்தைத் தந்துவிடாது. அந்த மாணவர் செய்த கூடுதல் சோதனைகள் என்ன என்பதே முக்கியம். குழுவில் நாங்கள் கையாண்ட முறை மிக எளிது. கட்டுரையின் படங்களையும் அட்டவணைகளையும் ஒவ்வொன்றாக மேசையில் பரப்புவோம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மூன்று விடைகளைப் பென்சிலால் எழுதுவோம்: இந்தச் சோதனை யாருடைய யோசனை, தரவை எடுத்தவர் யார், இதைப் பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்டால் எழுந்து பதில் சொல்லக்கூடியவர் யார். ஒருமுறை வந்த கட்டுரையில் ஆறு படங்கள். முதல் நான்கும் ஊரைவிட்டுப் போன மாணவருடையவை. ஐந்தாவதும் ஆறாவதும் புதியவருடையவை. எண்ணிக்கையில் நான்குக்கு இரண்டு. முடிவு தெளிவு என்று நினைத்தோம். ஆனால் ஐந்தாவது படத்தைப் பார்த்த பிறகு கட்டுரையின் முடிவே திரும்பியிருந்தது தெரிந்தது. முதல் வடிவம் இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன என்று மட்டும் சொன்னது. புதிய சோதனைதான் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று காட்டியது. தலைப்பிலேயே அந்தக் காரணம் ஏறியிருந்தது. அங்கே இருவரும் சமம் என்று எழுதினோம். பழையவர் பெயரை முதலில் வைத்து, இருவர் பெயருக்கும் உடுக்குறி போடப் பரிந்துரைத்தோம். புதியவர் முகம் சுருங்கியதை நான் மறக்கவில்லை. அவர் சுருங்கியதில் நியாயமும் இருந்தது. பெரும்பாலான தேடுபொறிகளும் மேற்கோள் பட்டியல்களும் உடுக்குறியைக் காட்டுவதில்லை. சமம் என்று சொன்னாலும் முதலில் இருப்பவரே மேற்கோளில் நிற்கிறார்.

ஆகவே இன்றிரவே நீங்களும் உங்கள் கட்டுரையை அப்படிப் பிரித்துப் பாருங்கள். திருத்திய வடிவத்தின் தலைப்பும் சுருக்கமும் நீங்கள் எழுதியதிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன? கூடுதல் சோதனைகள் உங்கள் முடிவையே மேலும் உறுதி செய்தன என்றால், முதல் இடம் உங்களுடையது என்று தயங்காமல் கேட்கலாம். மாணவரின் ஆய்வேட்டைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்ட கட்டுரையில், தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலொழிய, மாணவரே முதன்மை ஆசிரியர் என்று நான் மேலே சொன்ன உளவியல் சங்கத்தின் நெறிமுறை சொல்கிறது. உங்கள் துறை வேறாக இருந்தாலும் அந்த வாதம் எடுபடும். முடிவே மாறியிருந்தால் உடுக்குறியைக் கேளுங்கள். அப்போதும் மூன்றாம் இடத்துக்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. இடையில் வந்த இரண்டாமவர் யார் என்று நீங்கள் சொல்லவில்லை. அவர் செய்தது என்ன என்றும் அதே மூன்று கேள்விகளால் பாருங்கள்.

அடுத்து, ஆதாரம். வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்கிறீர்கள். பழைய நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கு இன்னும் திறக்கிறதா? திறந்தால் கட்டுரை தொடர்பான கடிதங்களை உடனே உங்களுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். பகிர்ந்த கோப்பில் வரைவு எழுதியிருந்தால், எந்தத் தேதியில் யார் எதை எழுதினார் என்ற பதிப்பு வரலாற்றைச் சேமியுங்கள். இதழின் சமர்ப்பிப்புத் தளம் முதல் முறை அனுப்பியபோது ‘உங்கள் பெயர் கட்டுரையாசிரியராகச் சேர்க்கப்பட்டுள்ளது’ என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் அனுப்பியிருக்கும். எல்லோரும் திறக்காமலே விட்டுவிடும் கடிதம் அது. பெயர் வரிசை அப்போது என்னவாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆய்வுக்கூடத்து மூலத் தரவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அது பெரும்பாலும் நிறுவனத்தின் உடைமை. புகார் சொன்னவரே குற்றவாளிக் கூண்டில் ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு நெறியாளருக்குக் கடிதம். தொலைபேசியில் பேசினாலும், பேசியதை எழுதி அனுப்புங்கள். நீளம் வேண்டாம். நான் எழுதுவதாக இருந்தால் இவ்வளவுதான் எழுதுவேன்:

“ஐயா, திருத்திய வடிவத்தைப் படித்தேன். கூடுதல் சோதனைகள் நன்றாக வந்திருக்கின்றன. பெயர் வரிசை மாற்றத்துக்கு என்னால் இப்போது சம்மதிக்க இயலவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் யாருடைய பங்கு எது என்று நான் புரிந்துகொண்டபடி ஓர் அட்டவணை இணைத்திருக்கிறேன். தவறு இருந்தால் திருத்தித் தாருங்கள். பகுப்பாய்வு செய்தவர் பெயர் விடுபட்டிருப்பதையும், புதிதாகச் சேர்ந்த பெயரின் பங்கு எது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். திருத்தம் அனுப்பவேண்டிய நாளுக்கு முன் எல்லோரும் ஒருமுறை பேச முடியுமா?”

கோபம் எதுவும் இதில் இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டுமென்றேதான். இந்தக் கடிதத்தை ஒருநாள் விசாரணைக் குழு படிக்கக்கூடும். உங்கள் நெறியாளருக்காக மட்டும் எழுதாதீர்கள். அட்டவணைக்கு வடிவம் தேடி அலைய வேண்டாம். பல இதழ்கள் இப்போது ‘கிரெடிட்’ என்ற பங்களிப்புப் பட்டியலைக் கேட்கின்றன. கருத்துருவாக்கம், தரவு ஒழுங்கு, பகுப்பாய்வு, முதல் வரைவு, திருத்தம், மேற்பார்வை என்று 14 வகைகள் அதில் உண்டு. அதை நிரப்பச் சொன்னாலே சில பெயர்களுக்கு எதிரே கட்டம் காலியாக நிற்கும். ஆனால் ஒன்று: அந்தப் பட்டியல் யார் என்ன செய்தார் என்று சொல்லும், யார் முதலில் என்று சொல்லாது.

பேச்சு பலிக்கவில்லை என்றால் நிறுவனத்தில் ஆய்வு நேர்மைக்குப் பொறுப்பான அலுவலரிடமோ ஆய்வுத் துறைத் தலைமையிடமோ போங்கள். இதழுக்கு எழுதுவது அதோடு சேர்ந்தோ அதற்குப் பிறகோ. எழுதும்போது குற்றச்சாட்டை அடுக்காதீர்கள். “இந்த எண்ணுள்ள கட்டுரையின் பெயர் மாற்றத்துக்கு நான் சம்மதிக்கவில்லை, நிறுவனத்திடம் முறையிட்டிருக்கிறேன்” என்ற இரண்டு வாக்கியம் போதும். இதழாசிரியர் என்ன செய்வார் என்பதையும் சொல்கிறேன், நானே செய்திருக்கிறேன். பதிப்பு நெறிமுறைக் குழு வகுத்துத் தந்த வழிப்படம் எங்கள் மேசையில் இருக்கும். அதன்படி மாற்றத்துக்குக் காரணம் கேட்டு, எல்லோருடைய சம்மதமும் வந்திருக்கிறதா என்று பார்ப்போம். ஒருவர் மறுத்தாலும் கட்டுரையை அப்படியே நிறுத்தி, “நீங்களே தீர்த்துக்கொண்டு வாருங்கள், முடியாவிட்டால் நிறுவனம் தீர்க்கட்டும்” என்று திருப்பிவிடுவோம். யார் உழைத்தார் என்று தொலைவிலிருந்து அளக்க எங்களிடம் தராசு கிடையாது. அச்சேறிய பிறகு வந்தாலும் இதே பதில்தான். ஆனால் அப்போது நிற்கப்போவது உங்கள் திருத்தம், அவர்களின் கட்டுரை அல்ல.

இதில் உள்ள ஆபத்தையும் மறைக்கக் கூடாது. நின்றுபோன கட்டுரை மாதக்கணக்கில் நிற்கலாம். அதற்குள் வேறொரு குழு அதே முடிவை வெளியிட்டுவிட்டால், முதல் இடமும் மூன்றாம் இடமும் ஒரே விலைதான். அடுத்த வேலைக்கு நெறியாளரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படுகிறதென்றால் அதையும் கணக்கில் எடுங்கள். எடுப்பது கோழைத்தனம் அல்ல. இன்னொன்று, நெறியாளர் கட்டுரையைத் திரும்பப் பெற்று, உங்கள் சோதனைகளை வேறொருவரைக் கொண்டு மறுபடி செய்து, உங்கள் பெயரே இல்லாமல் வேறு இதழுக்கு அனுப்பக்கூடும். அரிது, ஆனால் நடந்திருக்கிறது. அதற்கு எதிராக உங்களிடம் இருக்கும் கவசம், தேதியோடு நிறுவனக் களஞ்சியத்தில் இருக்கும் ஆய்வேடு. அது பொதுவில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைக்கச் சொல்லி எழுதுங்கள்.

சம்மதப் படிவத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதில் ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நெறியாளர் அதில் என்ன எழுதியிருக்கிறார்? காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் கேட்டிருந்தால், அதை நிரப்பித் தரும்படி முதலில் கேளுங்கள். துறைத் தலைவர் பெயருக்கு எதிரே எழுத ஒரு வாக்கியம் தேட வேண்டியிருக்கும்போதே பாதிப் பேர் அந்தப் பெயரை எடுத்துவிடுகிறார்கள்.

நெறியாளருக்கு எழுதும் அதே நாளில் புள்ளியியலாளருக்கும் எழுதிவிடுங்கள். அவர் பெயர் விட்டுப்போனது அவருக்கே தெரியுமா என்பது நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரியவில்லை. தனக்கு நன்றியுரையே போதும் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படியானால் அது அவர் சொல்ல வேண்டியது. தானும் ஆசிரியர் என்று அவர் நினைத்தால், உங்கள் கடிதத்தோடு அவருடையதும் போகட்டும்.